தூத்துக்குடி - ஹாம்பர்க் 40 அடி: 3,400னு பேசினது 5,287ல வந்து நிக்குது, இதுல எது நெசம்?

14 ஜூலை 2024, இரவு 10:40 | கரூர்த்தறி

நேரா விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு 40 அடி ஹைக்யூப், பெட்ஷீட்டும் கிச்சன் டவலும், தூத்துக்குடில இருந்து கொழும்பு மாத்தி ஹாம்பர்க். சிஐஎஃப் ஆர்டர், அதனால ஃப்ரைட் என் தலைல. ஜூன் 12ல ஃபார்வர்டர் மெயில்ல போட்டது "ஓஷன் ஃப்ரைட் 3,400 டாலர் ஒரு பாக்ஸுக்கு, மத்த சர்சார்ஜ் ஷிப்மென்ட் அன்னிக்கு என்ன இருக்கோ அது". ஃபோன்ல கேட்டேன், எல்லாம் சேத்து 4,200 வரும்ங்ணா, அதுக்கு மேல போவாதுன்னார். நானும் அத வெச்சுத்தான் பையருக்கு வெல குடுத்தேன்.

நேத்து பில் வந்துச்சு. ஒரு பாக்ஸுக்கு

பேசிக் 3,400
பாஃப்ங்கற எண்ணை சார்ஜ் 620 (டியு, அதாவது 20 அடி பாக்ஸ் அளவுக்கு 310)
ஐரோப்பா கார்பன் சார்ஜ் 66
காஃப்ங்கற கரன்சி சார்ஜ் 5% - 201
பிஎஸ்எஸ்ங்கற சீசன் சார்ஜ் 1,000 (டியுக்கு 500)

மொத்தம் 5,287. டெர்மினல் கூலி டிஎச்சி, கப்பல் ரசீது பிஎல், சீல் எல்லாம் ரூவால தனியா, அதுல எனக்கு சண்ட இல்ல. நான் கணக்கு போட்டு வெச்சிருந்தது 3,400 + 580 + 66 + 170 = 4,216. ஆக பாக்ஸுக்கு 1,071 ஜாஸ்தி, ரெண்டுக்கும் 2,142 டாலர். இந்த ஆர்டர்ல எனக்கு நிக்கற மார்ஜினே அவ்ளோதான்.

சரக்கு ஜூன் 27லயே டெர்மினலுக்குள்ள போயாச்சு. ஜூன் 29 கொழும்பு போற ஃபீடர் கப்பல்ல ஏறியிருக்கணும், ஏத்தல, ஜூலை 3ல ஏத்தினாங்க. பிஎஸ்எஸ் ஜூலை 1ல இருந்துதானாம். அவங்க ஏத்தாம விட்டதுக்கு நான் ஏன் ஆயிரம் டாலர் குடுக்கணும்?

14 ஜூலை 2024, இரவு 11:15 | நாமக்கல்_டாரஸ்

இதுல என்னங்க புரியாதது. நாங்க லாரில டீசல் ஏறுனா வாடக ஏத்தறோம்ல, அதேதான் பாஃப். எண்ண வில ஏறுச்சு, அப்டியே உங்க தலைல வெச்சுட்டாங்க. காஃப்னா ரூவா எறங்குனதுக்கு வாங்கறது. பிஎஸ்எஸ் தீவாளி நேரத்து ஆம்னி பஸ்ஸு. முடிஞ்சுது.

15 ஜூலை 2024, காலை 7:05 | கரூர்த்தறி

ஆம்னி பஸ்ஸு ஒத்துக்கறேன். ஆனா ஜூன் 27ல டிக்கெட் எடுத்து பஸ்ஸுக்குள்ள உக்காந்தாச்சே, பஸ் லேட்டா கெளம்புனா தீவாளி ரேட் கேப்பாங்களா.

15 ஜூலை 2024, மதியம் 1:30 | ப்ரைசிங்டெஸ்க்_சென்னை

ஒரு கப்பல் லைன்ல பன்னெண்டு வருஷம் ப்ரைசிங் டெஸ்க்ல உக்காந்திருந்தேன், இப்போ வெளில வந்துட்டேன், அதனால கொஞ்சம் வாய் திறக்கலாம்.

நாமக்கல் சார் சொன்ன மூணுல ஒண்ணுதான் சரி, ஆம்னி பஸ். மத்த ரெண்டும் பாதி.

முதல்ல கரூர் சாரோட பில்லை பிரிச்சுப் பாருங்க. 1,071ல பிஎஸ்எஸ் 1,000. பாஃப் 580ல இருந்து 620 ஆனதுல 40. மீதி 31 காஃப்ல. அந்த 31 எப்படி வந்துச்சுன்னு பாத்தீங்களா? நீங்க 5%ஐ வெறும் 3,400 மேல போட்டு 170னு வெச்சிருக்கீங்க. அவங்க 3,400ஓட பாஃப் 620ஐயும் கூட்டி 4,020 மேல போட்டு 201 ஆக்கிட்டாங்க. பர்சென்ட்ல வர்ற எந்த சார்ஜ்லயும் "எது மேல"ன்னு கேக்காம விட்டா இப்படித்தான், பாஃப் ஏறினா காஃபும் தன்னால ஏறும்.

அப்புறம் முக்கியமான விஷயம். இதுல ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு தேதி. பேசிக்குக்கு கொட்டேஷன் வேலிடிட்டி. பாஃபுக்கு க்வார்ட்டர், ஏப்ரல்-ஜூன் ஒண்ணு, ஜூலை-செப்டம்பர் ஒண்ணு. பிஎஸ்எஸ்க்கு லைன் விட்ட நோட்டீஸ்ல என்ன தேதி எழுதியிருக்கோ அது. உங்க சரக்கு ஜூன்ல கேட்டுக்குள்ள போயி ஜூலைல கப்பல் ஏறினதால, ஒரே பாக்ஸ்ல ஜூன் பேசிக்கும் ஜூலை பாஃபும் ஜூலை பிஎஸ்எஸ்ஸும் சேந்து நிக்குது.

அந்த நோட்டீஸ எடுத்து பாருங்க. ஜூலை 1னு மட்டும் இருக்காது, எதோட ஜூலை 1னு இருக்கும். பாக்ஸ் கேட்டுக்குள்ள போன கேட்-இன் தேதியா, முதல் கப்பல் கிளம்புற தேதியா, பிஎல் தேதியா. கப்பல்னா, புக்கிங் கன்ஃபர்மேஷன்ல போட்ட தேதியா இல்ல நெஜமா கிளம்பின தேதியா. உங்க ஆயிரம் டாலர் அந்த ஒரு வரிலதான் இருக்கு.

15 ஜூலை 2024, மாலை 6:20 | நாமக்கல்_டாரஸ்

சரிங்க மேடம். ரூவா எறங்குனா காஃப் இல்லியா அப்ப?

15 ஜூலை 2024, இரவு 9:50 | ப்ரைசிங்டெஸ்க்_சென்னை

யோசிச்சு பாருங்க, லைனுக்கு வரவு டாலர்ல. ரூபாய் இறங்கினா தூத்துக்குடில அவன் குடுக்கற செலவு டாலர் கணக்குல கம்மிதான் ஆகும். அவனுக்கு நஷ்டம் எப்போன்னா, டாலர் இறங்கி, அவன் செலவு பண்ற யூரோ மாதிரி கரன்சி ஏறும்போது. ஹாம்பர்க் டெர்மினல்காரன் யூரோல பில் போடறான், ஆஃபீஸ் சம்பளம் யூரோ, வாங்கின ஃப்ரைட் டாலர். அந்த ஓட்டைய அடைக்கத்தான் காஃப்.

ரூபாய்ல உங்களுக்கு அடி விழற இடம் வேற. பில்லுல எக்ஸ்சேஞ்ச் ரேட் என்ன போட்டிருக்காங்க?

15 ஜூலை 2024, இரவு 10:10 | கரூர்த்தறி

85.20. என் பேங்க்ல அன்னிக்கு 83.50 சொச்சம்.

அடப்பாவிகளா. 1.70 × 5,287, பாக்ஸுக்கு 8,988 ரூவா. ரெண்டுக்கும் 17,976. இத நான் பாக்கவே இல்ல. காஃப்னு ஒரு வரி கரன்சிக்கு, வெளிய தெரியாம இன்னொண்ணு கரன்சிக்கு.

16 ஜூலை 2024, காலை 8:45 | சிராங்கூன்_பெரியவர்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், வயது எழுபத்தி மூன்று, டைப்பிங் மெதுவாகத்தான் வரும்.

தொண்ணூறுகளில் நான் ஒரு ஏஜென்சியில் டாரிஃப் கிளார்க். அப்போது தூரக்கிழக்கு - ஐரோப்பா பாதைக்கு கான்ஃபரன்ஸ் இருந்தது. மெம்பர் லைன்களுக்கெல்லாம் ஒரே பாஃப், ஒரே காஃப், மாதாமாதம் சர்குலர் வரும். நாங்கள் அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்போம். கஸ்டமர் கத்தினால் தாளைக் காட்டுவோம், பேச்சு அடங்கிவிடும். காஃப் என்பதே 1971இல் அமெரிக்கா டாலரைத் தங்கத்திலிருந்து கழற்றிவிட்ட பிறகு, நாணயங்கள் ஆட ஆரம்பித்த காலத்துச் சரக்கு.

2008 அக்டோபர் 18இலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிற, அங்கிருந்து வருகிற பாதைகளில் கான்ஃபரன்ஸ் கூடாது என்று ஐரோப்பிய யூனியன் சட்டமே மாறிவிட்டது. ஒன்றாக உட்கார்ந்து ரேட் பேசினால் போட்டிச் சட்டத்தில் மாட்டுவார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு லைனும் தனித்தனிக் கணக்கு. ரொம்பப் பேர் காஃபைத் தூக்கி பேசிக்குக்குள்ளேயே போட்டுவிட்டார்கள்.

அதனால் தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் பில்லில் இருக்கும் காஃப், லைன் போட்டதா, ஃபார்வர்டர் போட்டதா? லைனுடைய டாரிஃபை வெப்சைட்டிலேயே பார்க்கலாம், புறப்படும் துறைமுகம், சேரும் துறைமுகம், தேதி போட்டால் சர்சார்ஜ் வரிசையாக வரும். அதில் காஃப் இருக்கிறதா பாருங்கள்.

16 ஜூலை 2024, காலை 11:00 | புதுசு_இம்போர்ட்டர்

எனக்கும் ஒரு ஹெல்ப் வேணும் ஃப்ரெண்ட்ஸ். நிங்போல இருந்து சென்னைக்கு எல்சிஎல்ல, அதாவது மத்தவங்க சரக்கோட ஒரே கண்டெய்னர்ல, 4 சிபிஎம் பொம்மை எடுத்தேன். ஃப்ரைட் சிபிஎம்முக்கு மைனஸ் 20 டாலர்னு கொட்டேஷன். மைனஸ்! காசு அவங்க எனக்கு தருவாங்கன்னு சந்தோஷமா இருந்தேன். சென்னைல டெலிவரி ஆர்டர் வாங்க போனா, முழுசா ஒரு ஃப்ரைட் குடுத்திருந்தா கூட இவ்ளோ ஆகியிருக்காது. இதுவும் பாஃப்தானா?

16 ஜூலை 2024, மதியம் 12:20 | ப்ரைசிங்டெஸ்க்_சென்னை

இல்ல தம்பி, அது வேற கூத்து. அந்த மைனஸ் சைனால இருக்கற சப்ளையருக்கு (இல்ல அவரோட ஃபார்வர்டருக்கு) போயிருக்கும், உங்களுக்கு இல்ல. சரக்கைப் பிடிக்க அங்க காசு குடுத்துட்டு, இங்க டெஸ்டினேஷன் சார்ஜ்ல உங்ககிட்ட எடுக்கறாங்க. நீங்க சிஐஎஃப்ல வாங்கியிருப்பீங்க. அடுத்த தடவை எஃப்ஓபில வாங்கி உங்க ஃபார்வர்டரை வெச்சு எடுங்க, இல்லன்னா சென்னை சார்ஜ் லிஸ்ட மொதல்லயே எழுத்துல வாங்குங்க. இதுக்கு தனி இழை போடுங்க, இங்க கலந்துடும்.

17 ஜூலை 2024, இரவு 9:30 | கொழும்பு_மெரைன்

நான் கப்பல்ல எஞ்சினியரா இருபத்தாறு வருசம், இப்ப கொழும்பில வீட்டோட. எண்ணைக் கதை எண்டா நானும் கதைக்கலாம்.

லாரியோட ஒப்பிட்ட அண்ணைக்கு ஒரு விசயம். லாரி வேகத்தைக் கொஞ்சம் குறைச்சா டீசல் கொஞ்சம் மிச்சம். கப்பல் அப்பிடி இல்லை. ஒரு நாளைக்கு எரியிற எண்ணை கிட்டத்தட்ட வேகத்தின்ர மூண்டாம் படிக்குப் போகும். 24 நொட்ல ஓடின கப்பலை 20க்கு இறக்கினா நாள் ஒண்டுக்கு எரியிறது முந்தி எரிஞ்சதின்ர 58 வீதமாக் குறையும். பயணம் 1.2 மடங்கு நீளும், எண்டாலும் மொத்தத்தில முப்பது வீதம் எண்ணை மிச்சம். 2008க்குப் பிறகு எல்லாரும் இதைத்தான் செய்தவை, நான் வேலை செய்த கப்பலிலயும் இஞ்சினை இறக்கிப்போட்டு ஊர்ந்தனாங்கள். ஆனா பாஃப் கணக்கில பழைய வேகத்துக்கான எண்ணையைப் போட்டு வைச்சிருந்தா? எண்ணை விலை அப்பிடியே இருந்தாலும் பாஃப்ல லாபம் நிக்கும். அப்பிடி நடந்ததெண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன், எனக்கு எஞ்சின் அறைதான் தெரியும், கணக்கறை தெரியாது.

இப்ப செங்கடல் பிரச்சினையால திருப்பி எல்லாம் மாறிப்போச்சு. கொழும்பில இருந்து ரொட்டர்டாம் சூயஸால போனா ஏழாயிரம் கடல் மைலுக்குள்ள. ஆபிரிக்காவின்ர தெற்கு முனைக் கேப்பைச் சுத்தினா பத்தாயிரத்துக்கு மேல. தூரமும் கூட, நாளைப் பிடிக்க வேகமும் கூட. சூயஸ் கட்டணம் மிச்சம் எண்டதையும் சொல்ல வேணும், அதை ஒருத்தரும் பில்லில கழிச்சுக் காட்டேல்லை.

17 ஜூலை 2024, இரவு 11:40 | ப்ரைசிங்டெஸ்க்_சென்னை

அண்ணா சொன்னதுல எனக்கு பாதி உடன்பாடு, பாதி இல்ல.

இப்போ பெரிய லைன்கள் பாஃப் கணக்க ரெண்டே எண்ல வெச்சிருக்காங்க. மேர்ஸ்க் 2019 ஜனவரில அத வெளில சொல்லியே ஆரம்பிச்சாங்க. ஒண்ணு பங்கர் எண்ணை வெல, டன்னுக்கு இவ்ளோ டாலர்னு. இன்னொண்ணு அந்த ரூட்டோட ஃபாக்டர், அதாவது ஒரு பாக்ஸ கொண்டு போக எவ்ளோ எண்ணை ஆகுதுங்கறது. ரெண்டையும் பெருக்கினா பாஃப். கரூர் சாரோட பில்ல வெச்சு பாக்கலாம். டியுக்கு ஃபாக்டர் 0.5னு வெச்சுப்போம். எண்ணை 580 இருந்தா 290, 620 ஆனா 310. 40 அடிக்கு ரெண்டால பெருக்குங்க, 580, 620. உங்க ரெண்டு க்வார்ட்டரும் இதுல உக்காந்துடுது பாத்தீங்களா. அவங்க நெஜமாவே 0.5தான் வெச்சிருக்காங்களான்னு எனக்கு தெரியாது, ஆனா விகிதம் இப்படித்தான் நடக்கும்.

எண்ணை வெலய நீங்க செக் பண்ணலாம், சிங்கப்பூர், ரோட்டர்டாம் ரேட்டெல்லாம் தினமும் வெளில வருது. ஃபாக்டர செக் பண்ண முடியாது. வேகம், கப்பல் எவ்ளோ நிரம்புது, திரும்பி வரும்போது எவ்ளோ காலி, எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள்ள. சைனா - ஐரோப்பால பாருங்க, போகும்போது நிரம்பி போகுது, வரும்போது காலிப்பெட்டி நிறைய. எரியற எண்ணை ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா பாஃப் போற பக்கம் ஜாஸ்தி, வர்ற பக்கம் கம்மி. ரிட்டர்ன் ட்ரிப்போட எண்ணையையும் போற சரக்குதான் கட்டுது.

நாமக்கல் சார், இதான் உங்க "அப்டியே தலைல வெச்சுட்டாங்க"ங்கறதுக்கு பதில். அப்படியே வைக்கல, ஒரு ஃபார்முலா வழியா, மூணு மாசம் தாமதமா வைக்கறாங்க. 2020ல சல்ஃபர் ரூல் வந்துச்சு, ஜனவரி 1ல இருந்து 3.5% போயி 0.5% எண்ணைதான் எரிக்கணும்னு. அந்த ஜனவரில சிங்கப்பூர்ல புது எண்ணை டன்னுக்கு 700 டாலர தாண்டுச்சு. ஏப்ரல்ல கொரோனா, 300க்கு கீழ விழுந்துடுச்சு. ஆனா ஏப்ரல்-ஜூன் பாஃப், அதுக்கு முன்னாடி மாசங்களோட சராசரில போட்டது. அந்த க்வார்ட்டர்ல ஃபோன எடுக்கவே பயமா இருக்கும், எடுத்தா "எண்ணை விழுந்துடுச்சே மேடம்". ஏறும்போது இதே தாமதம் கஸ்டமருக்கு லாபம், அப்போ ஒருத்தரும் ஃபோன் பண்ண மாட்டாங்க. லைனும் சும்மா இருக்காது, 2018 மாதிரி எமர்ஜென்சி பங்கர்னு நடுவுல தனியா ஒண்ணு கொண்டு வருவாங்க.

18 ஜூலை 2024, காலை 6:50 | நாமக்கல்_டாரஸ்

ரிட்டர்ன் லோடு இல்லைன்னா போற லோடுக்காரன்கிட்டதான் நாங்களும் வாங்குறோம். அது மட்டும் எங்க தொழில்தான்.

18 ஜூலை 2024, இரவு 8:15 | கரூர்த்தறி

நோட்டீஸ் கெடச்சுது. ஃபார்வர்டர் அனுப்பல, லைனோட சைட்லயே இருந்துச்சு. அதுல இருக்கறது: பிஎஸ்எஸ், ஜூலை 1ல இருந்து, "முதல் கப்பலோட கிளம்பற தேதி, புக்கிங் கன்ஃபர்மேஷன்ல உள்ளபடி". அதாவது நெஜமா கிளம்புன தேதி இல்ல! என் கன்ஃபர்மேஷன்ல ஜூன் 29. ஆக எனக்கு பிஎஸ்எஸ் கெடையாது. மேடம், உங்களுக்கு கரூர் வந்தா ஒரு செட் பெட்ஷீட் ஃப்ரீ.

பெரியவர் சொன்னதும் பாத்தேன். டாரிஃப்ல அந்த தேதிக்கு காஃப்னு ஒரு வரியே இல்ல. பாஃப் இருக்கு, கார்பன் இருக்கு, பிஎஸ்எஸ் இருக்கு. காஃப் ஃபார்வர்டர் சமையல்.

18 ஜூலை 2024, இரவு 8:40 | ப்ரைசிங்டெஸ்க்_சென்னை

இருங்க, பெட்ஷீட்ட இப்பவே மடிக்காதீங்க. ஜூன் 29 ஃபீடர்ல ஏன் ஏறல? லைனே அடுத்த கப்பலுக்கு தள்ளி ரோல் பண்ணினா நீங்க சொல்றது சரி. வேற காரணம்னா புது கப்பலுக்கு புது கன்ஃபர்மேஷன் போயிருக்கும், அதுல ஜூலை 3னு இருக்கும்.

21 ஜூலை 2024, மாலை 5:30 | கரூர்த்தறி

மூணு நாளா இங்க வரல, ஏன்னா எழுத கூச்சமா இருந்துச்சு.

ஏறாததுக்கு காரணம் நாங்கதான். ரெண்டாவது பாக்ஸோட விஜிஎம், அதான் பாக்ஸ் எடை கணக்கு, கட்-ஆஃப் தாண்டி 40 நிமிஷம் கழிச்சு போயிருக்கு. வெயிட் சிலிப் கைல இருந்துச்சு, எங்க ஷிப்பிங் பையன் அன்னிக்கு தங்கச்சி நிச்சயதார்த்தம்னு சீக்கிரம் கெளம்பிட்டான், இன்னொருத்தன் மெயில பாத்து அனுப்பும்போது மணி தாண்டிருச்சு. விஜிஎம் இல்லாம பாக்ஸ் ஏத்த மாட்டாங்கன்னு எனக்கே தெரியும், 2016 ஜூலைல ரூல் வந்ததுல இருந்து இருக்கறதுதான். ஒரே புக்கிங், ஒரே பிஎல், அதனால ரெண்டு பாக்ஸும் நின்னுருச்சு. மறுநா புது கன்ஃபர்மேஷன் வந்திருக்கு, ஜூலை 3. எங்க மெயில்லயேதான் கெடக்கு. மொதல் போஸ்ட்ல "அவங்க ஏத்தாம விட்டாங்க"ன்னு எழுதுனேன், அத வாபஸ் வாங்கிக்கறேன்.

40 நிமிஷத்துக்கு 2,000 டாலர். நிமிஷத்துக்கு 50.

21 ஜூலை 2024, மாலை 6:00 | நாமக்கல்_டாரஸ்

ஆம்னி பஸ்ஸுக்கு நீங்கதான் லேட்டா போயிருக்கீங்க.

21 ஜூலை 2024, இரவு 7:10 | கொழும்பு_மெரைன்

நிச்சயதார்த்தம் நல்லபடியா நடந்ததோ?

21 ஜூலை 2024, இரவு 7:25 | கரூர்த்தறி

நடந்துச்சுங்ணா. கல்யாணம் ஆவணில. பத்திரிக எனக்கும் வந்திருக்கு.

22 ஜூலை 2024, மதியம் 2:00 | ப்ரைசிங்டெஸ்க்_சென்னை

சரி, இப்போ உண்மைய சொல்றேன். பிஎஸ்எஸ்க்கு பின்னால ஒரு செலவும் கிடையாது. பாஃப்க்கு எண்ணை இருக்கு, கார்பன் சார்ஜுக்கு 2024 ஜனவரில இருந்து ஐரோப்பா சட்டம் இருக்கு. பிஎஸ்எஸ்ங்கறது கப்பல்ல இடம் கம்மி, கேக்கறவன் ஜாஸ்தி, அவ்ளோதான். பேசிக்க ஏத்திட்டு போலாமேன்னு கேப்பீங்க. ஏத்த முடியாதவங்க இருக்காங்க. பெரிய கஸ்டமர் வருஷ கான்ட்ராக்ட்ல பேசிக்க லாக் பண்ணியிருப்பான், ஆனா கான்ட்ராக்ட் கடைசில "பிஎஸ்எஸ் இருந்தா அது தனி"ன்னு ஒரு வரி இருக்கும். அந்த வரி வழியா உள்ள போகத்தான் பேர மாத்தி வைக்கறது. நானே அந்த நோட்டீஸ் டிராஃப்ட் பண்ணியிருக்கேன். எவ்ளோ போடலாம்னு மீட்டிங்ல பேசும்போது, இதுக்கு என்ன செலவாச்சுன்னு யாரும் கணக்கு கேக்க மாட்டாங்க. அடுத்த லைன் எவ்ளோ அறிவிச்சிருக்கான்னுதான் பாப்போம், அதுவும் வெளில வந்த நோட்டீஸ வெச்சு. பெரியவர் சொன்ன மாதிரி ஃபோன்ல பேசினா போட்டிச் சட்டத்துல மாட்டுவோம்.

முன்னல்லாம் ஜூன், ஜூலைல ஆரம்பிச்சு அக்டோபர் வரைக்கும், கிறிஸ்மஸ் சரக்குக்கு. அப்புறம் சைனா புத்தாண்டுக்கு முன்னாடி கொஞ்சம். இந்த வருஷம் கேப் சுத்தறதால கப்பலெல்லாம் கடல்லயே மாட்டி, மே மாசமே நோட்டீஸ் வர ஆரம்பிச்சிடுச்சு. அதனால ஜூன் 12ல உங்களுக்கு கொட்டேஷன் குடுத்த ஃபார்வர்டருக்கு பிஎஸ்எஸ் வாசம் அடிச்சிருக்கணும். "4,200க்கு மேல போவாது"ன்னு வாயால சொன்னதுதான் அவர் தப்பு. மெயில்ல அவர் பாதுகாப்பா எழுதியிருக்கார்.

22 ஜூலை 2024, இரவு 9:05 | சிராங்கூன்_பெரியவர்

செலவே இல்லை என்பதை ஏற்றுக்கொள்ள என் மனம் வரவில்லை. சீசனில் துறைமுகத்தில் காத்திருப்பு, ஆசியாவுக்குக் காலிப்பெட்டி திருப்பிக் கொண்டுவருவது, கூடுதல் கப்பலை வாடகைக்கு எடுப்பது, இதெல்லாம் செலவுதானே அம்மா. எங்கள் காலத்தில் அந்தக் காரணங்களை எழுதித்தான் சர்குலர் போடுவோம்.

22 ஜூலை 2024, இரவு 9:40 | ப்ரைசிங்டெஸ்க்_சென்னை

எழுதுவோம் ஐயா, நானும் எழுதியிருக்கேன். ஆனா டிமாண்ட் விழுந்த அன்னிக்கு அந்த செலவு இருந்தாலும் பிஎஸ்எஸ் போயிடும். நீங்க சொல்றது பொய்யில்ல, ஆனா அந்த எண்ண முடிவு பண்றது அது இல்ல.

23 ஜூலை 2024, காலை 7:20 | சிராங்கூன்_பெரியவர்

இதில் நாம் ஒத்துப்போகமாட்டோம். பரவாயில்லை.

2 ஆகஸ்ட் 2024, இரவு 10:15 | கரூர்த்தறி

ஃபார்வர்டர நேர்ல பாத்தேன். டாரிஃப் பேஜ பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன். காஃப் எங்கன்னு கேட்டதுக்கு மொதல்ல "அது எங்க கம்பெனி பாலிசி சார்"ன்னார். பாலிசிய பில்லுல ஏன் லைன் சார்ஜ் மாதிரி போட்டீங்கன்னு கேட்டேன். டீ வந்துச்சு. டீ முடியறதுக்குள்ள 201 × 2, 402 டாலர் கிரெடிட் நோட் குடுக்கறேன்னுட்டார். எக்ஸ்சேஞ்ச் ரேட்டுக்கு ஒத்துக்கல, லைன் எங்ககிட்ட 84.60 வாங்கறான், நாங்க அறுவது பைசா வெக்கறோம், அது எல்லாரும் பண்றதுதான்ங்கறார். அடுத்ததுல இருந்து பேங்க் டாலர் விக்கற ரேட்டான டிடி செல்லிங் மேல ஒரு ரூவாய்னு மெயில்ல எழுதி வாங்கியிருக்கேன். பிஎஸ்எஸ்ஸப் பத்தி நான் வாயே தெறக்கல, தெறந்தா விஜிஎம் கதைய எடுப்பார்.

ஆக 2,142 நஷ்டத்துல 402 திரும்பி வந்துச்சு. பையர்கிட்ட பிஎஸ்எஸ்ல பாதி கேட்டு மெயில் போட்டேன், ஒப்பந்தம் சிஐஎஃப்னு ஒரே வரில பதில்.

இதுல எனக்கு ஒண்ணு தோணுச்சு. சிஐஎஃப்ல வெல குடுக்கும்போது நான் ஃப்ரைட்ட ஒரு எண்ணா உள்ள போட்டேன். எனக்கு ஃப்ரைட் வித்தவன் அத அஞ்சு வரியா வெச்சிருக்கான், அதுல நாலு வரி ஆடும். ஆடறத வாங்கி ஆடாததா வித்திருக்கேன். இப்ப பையர்கிட்ட, பிஎஸ்எஸ் வந்தா தனின்னு ஒரு வரி போடலாமான்னு கேட்டுட்டிருக்கேன், லைன் எனக்கு பண்ணத அப்படியே. ஒத்துக்குவாங்களான்னு தெரியல.

2 ஆகஸ்ட் 2024, இரவு 10:50 | புதுசு_இம்போர்ட்டர்

எல்லாம் சேத்து ஆல்-இன் ரேட்டே வாங்கிட்டா இந்த தலவலி இல்லையே?

3 ஆகஸ்ட் 2024, காலை 9:30 | ப்ரைசிங்டெஸ்க்_சென்னை

இல்ல, வேற தலைவலி. ஆல்-இன்ல ரிஸ்க் ஃபார்வர்டர் தலைல, அதனால சீசன்ல அவர் பயத்துக்கு ஒரு இருநூறு முன்னூறு உள்ள வெப்பார். சீசன் இல்லாதப்போ அது உங்களுக்கு தண்டம். ரெண்டாவது, ஆல்-இன்ன எத்தனாம் தேதி வரைக்கும், எந்த தேதிய வெச்சுன்னு எழுதாம விட்டா அதுலயும் இதே சண்டைதான். மூணாவது, எண்ணை விழுந்தா பாஃப் குறையற லாபம் உங்களுக்கு வராது. மாசம் ஒரு பாக்ஸ் ரெண்டு பாக்ஸ் அனுப்பறவங்களுக்கு நான் ஆல்-இன்தான் சொல்வேன், எண்ணைய பாத்துட்டு உக்காந்திருக்க முடியாது. மாசம் இருபது பாக்ஸ் போறவங்க பாஃப தனியா வெச்சு, ஃபார்முலாவோட எழுதி வாங்கணும்.

இன்னொரு விஷயம், நியூஸ்ல ஷாங்காய் இண்டெக்ஸ் ஏறுச்சுன்னு பாத்துட்டு உங்க பேசிக்கோட ஒப்பிடாதீங்க. அந்த இண்டெக்ஸ் ரேட்ல பாஃப், காஃப், பிஎஸ்எஸ் எல்லாம் உள்ள. டிஎச்சி மட்டும் வெளில. இது தெரியாம "மார்க்கெட்ட விட எனக்கு கம்மியா குடுத்துட்டார்"னு சந்தோஷப்பட்டவங்கள நிறைய பாத்திருக்கேன்.

3 ஆகஸ்ட் 2024, மதியம் 1:10 | கரூர்த்தறி

அந்த சந்தோஷப்பட்டவங்கள்ல நானும் ஒருத்தன், ஜூன்ல.

26 செப்டம்பர் 2024, இரவு 9:00 | கரூர்த்தறி

பழைய இழைய தூக்கறதுக்கு மன்னிக்கணும். அடுத்த ஆர்டர், ஒரு பாக்ஸ், அதே ஹாம்பர்க். இந்த தடவ பேசிக், பாஃப், பிஎஸ்எஸ் மூணும் சேத்து ஒரே எண், செப்டம்பர் 30 வரைக்கும், கேட்-இன் தேதிய வெச்சு, மெயில்ல. கார்பன் மட்டும் லைன் டாரிஃப் படி. மார்க்கெட்டே எறங்கியிருக்கு, அதனால அவரும் முரண்டு பண்ணல, சீசன் உச்சத்துல கேட்டிருந்தா குடுத்திருப்பாரான்னு சொல்ல முடியாது. விஜிஎம் ஒரு நாள் முன்னாடியே போயாச்சு, நானே உக்காந்து அனுப்புனேன். ஃபீடர் 21ம் தேதி கெளம்பிருச்சு.

இன்னிக்கு பில் வந்திருக்கு. கார்பன் வரில நாலு டாலர் டாரிஃப விட ஜாஸ்தி. கேக்கவா, விட்டுடவா?

26 செப்டம்பர் 2024, இரவு 9:20 | ப்ரைசிங்டெஸ்க்_சென்னை

விடுங்க சார். எந்த தேதி டாரிஃப பாத்தீங்கன்னு மட்டும் ஒரு தடவ பாத்துக்கோங்க.

26 செப்டம்பர் 2024, இரவு 9:45 | கரூர்த்தறி

கேட்-இன் தேதிக்கு பாத்தேன். கார்பனுக்கு கப்பல் தேதியாம். சரியாத்தான் போட்டிருக்காங்க.